அளவுகோல் குட்டையானால் எல்லாரும் உயரம்தான்

2013ஆம் ஆண்டு முடிந்தபோது கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடான கேஎல்சிஐ 1,866 புள்ளியில் நின்றது. பத்து ஆண்டு கழித்து, 2023 முடிவில், அது 1,454 புள்ளி. அதாவது 22 விழுக்காடு சரிவு. அதே பத்து ஆண்டுகளில் ஊழியர் சேமநிதி வாரியம் வழக்கமான சேமிப்புக்கு ஒரு வருடம்கூட 5.20 விழுக்காட்டுக்குக் குறைவாக ஈவு கொடுக்கவில்லை. சேமநிதியில் தொடாமல் கிடந்த 10,000 ரிங்கிட் ஏறக்குறைய 17,800 ரிங்கிட்டாக வளர்ந்தது.

ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் யூனிட் டிரஸ்ட் முகவர்கள் வீட்டுக்கு வந்து விரிக்கும் வரைபடத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கு வேண்டும். அந்தப் படத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். மேலே ஏறுவது நிதியின் கோடு, கீழே கிடப்பது கேஎல்சிஐ. "பாருங்கண்ணே, சந்தையையே தாண்டிட்டோம்" என்பார் முகவர். அடிப்படைச் சேமிப்புக்கு மேல் உள்ள தொகையில் 30 விழுக்காடு வரை சேமநிதியிலிருந்து எடுத்து இப்படி முதலீடு செய்ய விதி இடம் தருகிறது. தோட்டத்தில் தொடங்கித் தொழிற்சாலையில் முடிந்த உழைப்பின் பணம் ஒரு கையெழுத்தில் இடம் மாறிவிடுகிறது.

அந்தக் கீழ்க்கோட்டில்தான் சிக்கல். செய்தியில் நாம் கேட்கும் கேஎல்சிஐ வெறும் விலைக் குறியீடு. மேபேங்க், தெனாகா போன்ற நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் ஈவு அதில் சேராது. நிதியின் கோட்டிலோ, அந்த நிதி வாங்கிய ஈவு முழுவதும் சேர்ந்திருக்கும். ஒன்றில் சம்பளமும் போனசும், மற்றொன்றில் சம்பளம் மட்டும் என்று வைத்து ஒப்பிடுவது போன்றது இது.

2013 முடிவில் வாங்கிய 10,000 ரிங்கிட்டை அப்படியே 10,000 ரிங்கிட்டாகப் பத்து ஆண்டு கழித்துத் திருப்பித் தரும் ஒரு நிதியை எண்ணிப் பாருங்கள். முதலீட்டாளருக்கு ஒரு சென் லாபம் இல்லை. ஆனால் விலைக் குறியீட்டின்படி அந்தப் பணம் 7,790 ரிங்கிட்டாகக் குறைந்திருக்க வேண்டும். எனவே அளவுகோலை 22 புள்ளி வென்ற நிதி என்று அதை விளம்பரம் செய்யலாம். ஆண்டுக்கு 3 விழுக்காடு ஈவு என்று வைத்து அதை மறுமுதலீடு செய்தால் சந்தையின் உண்மையான கணக்கு 10,470 ரிங்கிட்டை ஒட்டி வரும். அந்த அளவுகோலில் பார்த்தால் இதே நிதி தோற்ற நிதி. இந்தியாவில் பரஸ்பர நிதிகள் ஈவையும் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் தம்மை ஒப்பிட வேண்டும் என்று செபி 2018 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கியதற்குக் காரணம் இதுவே.

குறியீட்டு நிதி சந்தையை வெல்ல முயல்வதே இல்லை. கேஎல்சிஐயில் உள்ள 30 நிறுவனங்களை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருப்பதுதான் அதன் வேலை. எது ஏறும், எது இறங்கும் என்று மேலாளர் ஊகிப்பதில்லை. ஜூனிலும் டிசம்பரிலும் பட்டியல் மறுஆய்வு செய்யப்படும்போது நிதியும் மாறிக்கொள்ளும். ஈப்போ ஜாலான் எஸ்.பி. சீனிவாசகத்தில் தலைமையகம் வைத்திருக்கும் கோலாலம்பூர் கெப்போங் நிறுவனம் இந்தப் பட்டியலில் நெடுங்காலம் இடம்பெற்று வருவது. ரப்பரில் வேரூன்றி இன்று செம்பனையில் நிற்கும் அந்த நிறுவனத்தின் ஒரு துளி, குறியீட்டு நிதி வாங்குபவர் கையிலும் இருக்கும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டு, பங்கு போலவே வாங்கி விற்கப்படும் கேஎல்சிஐ ஈடிஎஃப் இந்த வகை.

இப்படிப்பட்ட நிதி தன் குறியீட்டை எவ்வளவு ஒட்டிப் போகிறது என்பதைச் சொல்லும் எண்தான் பின்தொடர் விலகல். இதை எவ்வளவு பின்தங்கியது என்று பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நான்கு மாதக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். முதல் நிதி மாதாமாதம் சரியாக 0.05 விழுக்காடு பின்தங்குகிறது. இரண்டாவது நிதி ஒரு மாதம் 0.6 முந்தி, அடுத்த மாதம் 0.8 பின்தங்கி, பிறகு 0.5 முந்தி, கடைசியில் 0.5 பின்தங்குகிறது. சராசரி பார்த்தால் இரண்டுமே மாதத்துக்கு 0.05 பின்னடைவுதான். ஆனால் முதல் நிதியின் பின்தொடர் விலகல் சுழியம். இரண்டாவதன் விலகல் மாதத்துக்கு 0.61, ஆண்டுக் கணக்கில் சுமார் 2.1 விழுக்காடு. அதாவது இந்த எண் தடுமாற்றத்தை அளக்கிறது, இழப்பை அல்ல. இழப்பை அறியக் குறியீட்டின் ஆண்டு வருவாயிலிருந்து நிதியின் ஆண்டு வருவாயைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

குறியீட்டு நிதியில் விலகல் பெரிதாக இருந்தால் அது வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று பொருள். ரொக்கத்தை அதிகம் தேக்கி வைத்திருக்கலாம், பட்டியல் மாறும்போது தாமதமாக வாங்கியிருக்கலாம். மேலாளர் தேர்ந்தெடுத்து நடத்தும் நிதியில் இதே எண்ணைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். அங்கே விலகல் மிகச் சிறிதாக இருந்தால் மேலாளர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, குறியீட்டையே நகலெடுக்கிறார் என்று அர்த்தம். சேமநிதிப் பணத்தில் முகவர் வழி வாங்கினால் நுழைவுக் கட்டணம் 3 விழுக்காடு வரை போகும். பங்கு நிதிகளில் ஆண்டு நிர்வாகக் கட்டணம் 1.5 விழுக்காடு என்பது சாதாரணம். நகலுக்கு இந்த விலை கொடுப்பது நட்டம்.

இதனால் உள்ளூர்க் குறியீட்டு நிதிக்கு ஓடுங்கள் என்று சொல்ல வரவில்லை. 2013க்குப் பின்னான பத்தாண்டில் அது பின்பற்றிய சந்தையே சோர்ந்து கிடந்தது, நிதியும் கூடவே கிடந்திருக்கும். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில், 2008 முடிவின் 876 புள்ளியிலிருந்து, கேஎல்சிஐ இரண்டு மடங்குக்கு மேல் ஏறியதும் உண்மை. மேலும் இங்குள்ள ஈடிஎஃப்களில் வாங்குவோரும் விற்போரும் குறைவு. நிதியின் கையிருப்பு மதிப்புக்கும் சந்தையில் கேட்கும் விலைக்கும் இடைவெளி விழுந்தால், கட்டணத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வாங்கும் நாளில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்கக் கூடாது.

நம் சமூகத்துக்கு இந்தப் பாடம் மலிவாகக் கிடைத்ததல்ல. 1980களில் தோட்டக் குடும்பங்கள் பணம் போட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அதற்கு அன்றாட விலை இல்லை, பக்கத்தில் வைத்து அளக்கக் கோலும் இல்லை. இன்று விலை தெரிகிறது, அறிக்கை கைக்கு வருகிறது. ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்டே ஆக வேண்டும்.

சேமநிதிப் பணத்துக்கு முதல் அளவுகோல் கேஎல்சிஐ அல்ல, சேமநிதியின் ஈவுதான். பணத்தை எடுக்காமல் விட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகை அது. முகவர் காட்டும் நிதி, கட்டணம் எல்லாம் போக, பத்து ஆண்டுகளில் அதைத் தாண்டியதா என்று கேளுங்கள். ஒப்பிடும் குறியீட்டில் ஈவு சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மலேசியப் பத்திர ஆணையமும் மொத்த வருவாய்க் குறியீட்டோடு ஒப்பிடுவதை எல்லாப் பங்கு நிதிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.