ஸ்கூல் ஃபீஸ் ஏறிடுச்சா? கோபப்பட்டு எழுதாதீங்க, கணக்கு கேட்டு எழுதுங்க

ஜூன் மாசம் வந்தாலே பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப் எல்லாம் கொதிக்கும். "இது அநியாயம்", "எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்கணும்"னு நூறு மெசேஜ் வரும். பள்ளிக்கு ஒரு கடிதம்கூடப் போகாது. அப்படியே போனாலும் அதுல கோபம் இருக்கும், கேள்வி இருக்காது. "ஃபீஸைக் குறையுங்கள்"னு எழுதினா, "முடியாது"ன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். "எந்தத் தலைப்பில் எவ்வளவு ஏறியது?"ன்னு கேட்டா அப்படித் தப்பிக்க முடியாது.

என் கிளையண்ட் ஒருத்தர், ஐடி கம்பெனி ஊழியர். பையனுக்குப் போன வருஷம் கட்டினது 84,000 ரூபாய். இந்த வருஷம் 98,500. அதுக்கு மேல 1,500 ரூபாய் ஃபைன். ரசீதுல ஒரே வரிதான்: "ஸ்கூல் ஃபீஸ்". சுமார் 17 சதவீத உயர்வு. ஆனா எதுல உயர்ந்ததுன்னு தெரியலை. அவருக்கு நான் எழுதிக் கொடுத்த கடிதம் இவ்வளவுதான்:

"மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு, வணக்கம். என் மகனின் இந்தக் கல்வியாண்டுக் கட்டணத்தைத் தலைப்புவாரியாக, சென்ற ஆண்டுத் தொகையுடன் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இவற்றில் எவை கட்டண நிர்ணயக் கமிட்டியின் ஆணைக்குள் வருகின்றன, எவை அதற்கு வெளியே என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன். அபராதம் 1,500 ரூபாய் எந்தச் சுற்றறிக்கையின்படி, ஒரு நாளைக்கு எவ்வளவு வீதம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை கணக்கிடப்பட்டது என்பதையும் தெரிவிக்கவும். கல்விக் கட்டணத்தைத் தனியாகக் காட்டும் ரசீது ஒன்றும் தேவைப்படுகிறது."

குறை சொல்லலை, மிரட்டலை. ஆபீஸ்ல நேர்ல கொடுத்து, நகல்ல சீலும் தேதியும் வாங்கச் சொன்னேன். கூடவே மெயிலும் அனுப்பினார்.

பத்து நாள்ல பதில் வந்துச்சு. கல்விக் கட்டணம் 60,000-லிருந்து 66,000. ஆக்டிவிட்டி 9,000-லிருந்து 12,000. ஸ்மார்ட் கிளாஸ் 6,000-லிருந்து 9,500. வேன் 9,000-லிருந்து 11,000. அதாவது பாடம் நடத்துறதுக்கு ஏறினது 10 சதவீதம். மத்த மூணும் சேர்ந்து 24,000-லிருந்து 32,500, கிட்டத்தட்ட 35 சதவீதம்! பெற்றோர் கவனிக்கிறது கல்விக் கட்டணத்தை. அதனால உயர்வு பெரும்பாலும் மத்த தலைப்புகள்லதான் போய் உட்காரும். என் அனுபவத்துல இது பல ரசீதுகள்ல பார்த்த விஷயம்.

ஃபைன் கதை இன்னும் சுவாரஸ்யம். கடைசித் தேதி ஜூன் 10. இவர் பேங்க்ல இருந்து பணம் அனுப்பினது ஜூன் 20. பள்ளி அக்கவுண்ட்ல அன்னிக்கே வரவாயிடுச்சு. ஆனா ஆபீஸ்ல சாஃப்ட்வேர்ல என்ட்ரி போட்டது ஜூலை 10. ஒரு நாளைக்கு 50 ரூபாய்னு 30 நாளுக்கு 1,500 போட்டிருக்காங்க. உண்மையான தாமதம் 10 நாள்தான், 500 ரூபாய். யூடிஆர் நம்பரோட பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் காட்டினதும் 1,000 ரூபாயை அடுத்த டெர்ம்ல கழிச்சுக்கிட்டாங்க. இதுல யாரும் ஏமாத்தலை. பணம் வந்த தேதிக்கும் பதிவான தேதிக்கும் உள்ள இடைவெளியை யாரும் பார்க்கலை, அவ்வளவுதான். அந்த 500 நியாயமானது, அதை விட்டுத்தரச் சொல்லிக் கேட்க வேண்டாம்னு நானே சொன்னேன்.

கமிட்டி ஆணையைப் பத்தி ஏன் கேட்கணும்? தமிழ்நாட்டுல 2009-ல தனியார் பள்ளிக் கட்டணத்துக்குன்னு ஒரு சட்டம் வந்துச்சு. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான கமிட்டி, ஒவ்வொரு பள்ளிக்கும் வகுப்புவாரியா கட்டணம் நிர்ணயிக்கும். அது 3 கல்வியாண்டுகளுக்குச் செல்லும். அதுக்கு மேல வசூலிச்சா கமிட்டிகிட்ட புகார் கொடுக்கலாம், கூடுதல் தொகையைத் திருப்பித் தரவும் உத்தரவிட முடியும். ஆனா "மொத்தமா 98,500 வாங்குறாங்க"ன்னு மட்டும் சொன்னா புகார் நிக்காது. கமிட்டி தொகையோட எதை ஒப்பிடணும்னு காட்ட தலைப்புவாரிக் கணக்கு கையில இருக்கணும். உயர்வு அந்த வரம்புக்குள்ளேயே இருந்தா, இந்தக் கடிதத்தால ஃபீஸ் குறையாது. அதையும் தெரிஞ்சே எழுதுங்க.

சம்பளக்காரங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பழைய வரி முறையில இருந்தா, 80சி கழிவுல கல்விக் கட்டணம் மட்டும்தான் வரும். வேன், டெவலப்மென்ட் ஃபீஸ், நன்கொடை, ஃபைன் எதுவும் வராது. "ஸ்கூல் ஃபீஸ்"னு ஒரே வரி ரசீதைக் கொடுத்தா பேரோல்ல திருப்பி அனுப்பிடுவாங்க. தனி ரசீது வந்ததால அவர் 66,000-ஐ முழுசா காட்ட முடிஞ்சது.

ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. பதில் வர்ற வரைக்கும் பணத்தைக் கட்டாம வைக்காதீங்க. ஒரு நாளைக்கு 50 ரூபாய் மீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும். முழுசாவே கட்டிட்டு, "விவரம் கேட்டுள்ளேன், ஆட்சேபணைக்கு உட்பட்டுச் செலுத்துகிறேன்"னு அதே மெயில்ல ஒரு வரி சேர்த்துடுங்க. அனுப்பின அன்னிக்கே யூடிஆர் நம்பரையும் மெயில் பண்ணிடுங்க.