தாடைக்கு ஓர் எழுத்து வேண்டும்

தலைக்கவசம் அணியாமல் இருசக்கர வாகனம் ஓட்டினால் ஆயிரம் ரூபாய் அபராதம். ஓட்டுநர் உரிமத்தை மூன்று மாதம் முடக்கவும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவில் இடமிருக்கிறது. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும்கூடக் குற்றம். வாங்கு என்று கட்டளையிடுவதும் அரசு, எதை வாங்கலாம் என்று வரையறுப்பதும் அரசு. அப்படியென்றால் கையிலிருக்கும் ஹெல்மெட் தலையின் எந்தப் பகுதியைக் காக்கும், எதைக் காக்காது என்பதை அந்த முத்திரையே சொல்லியாக வேண்டும். இன்றைய ஐஎஸ்ஐ முத்திரை அதைச் சொல்வதில்லை. சொல்லும்படி இந்திய தர நிர்ணய அமைவனம் அதை மாற்ற வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

கடையில் மூன்று வகை கிடைக்கின்றன. உச்சியிலிருந்து தாடைவரை ஒரே ஓடாகச் சுற்றி வந்து, கண்ணுக்கு மட்டும் திறப்பு விட்டிருப்பது ஃபுல் ஃபேஸ். காதையும் பின்தலையையும் மூடி, முகத்தைத் திறந்தே வைத்திருப்பது ஓப்பன் ஃபேஸ். தாடைப் பகுதியை மேலே தூக்கிவிடும்படி கீல் வைத்தது மாடுலர். கடைக்காரர்கள் ஃபிளிப் அப் என்பார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிக்கல் தொடங்குவதே இங்குதான். ஃபுல் ஃபேஸ் மாதிரித் தோன்றுவதெல்லாம் தாடையைக் காப்பதில்லை.

தாடை அப்படியொன்றும் சின்ன விஷயமில்லை. ஜெர்மனியின் ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டீட்மார் ஓட்டே என்ற விபத்து ஆய்வாளர், விபத்தில் சிக்கிய ஹெல்மெட்டுகளில் அடி எங்கே விழுந்திருக்கிறது என்று வரைபடமாகக் குறித்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அடிகள் தாடைக்காப்பு இருக்கும் பகுதியில் விழுந்திருந்தன. வண்டி முன்னோக்கிக் கவிழும்போது முகமே முதலில் தரையைத் தொடக்கூடும். ஓப்பன் ஃபேஸ் போட்டவரிடம் அந்த இடத்தில் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அவருக்கு அது தெரியும். வெயிலுக்காகவோ மூச்சு முட்டுவதாலோ தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது அவர் உரிமை. தாடைக்குக் காப்பு இருக்கிறது என்று நம்பி, வெறும் அலங்காரப் பிளாஸ்டிக்கை மாட்டிக்கொண்டு போகிறவருக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்த அலங்காரத்தைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஹெல்மெட்டைத் தலைகீழாகப் பிடித்து, தாடைப் பகுதியின் உட்புறத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். மண்டைப் பகுதியில் இருப்பதுபோலக் கெட்டியான தெர்மாகோல் அங்கும் இருந்தால் நல்ல அறிகுறி. துணி சுற்றிய மெத்தென்ற பஞ்சு மட்டும் இருந்தாலோ, அதுவும் இல்லாமல் வெறும் பிளாஸ்டிக் கையில் பட்டாலோ, அடி வாங்கும்போது அந்த இடத்தில் விசையை உறிஞ்ச ஒன்றுமில்லை. அடுத்து, ஓரங்களைப் பாருங்கள். தாடை வளையம் ஓட்டோடு ஓடாக வார்க்கப்பட்டிருக்கிறதா, இல்லை இரண்டு திருகாணியிலோ கொக்கியிலோ மாட்டிக் கழற்றும் துண்டா? கழற்றி ஓப்பன் ஃபேஸாகவும் போடலாம் என்று விற்கப்படும் பல ஹெல்மெட்டுகளில் அந்தத் துண்டு காற்றையும் பூச்சியையும் தடுப்பதற்கு மேல் எதற்கும் உதவாது. ஆனால் விரலும் கண்ணும் சொல்வது அனுமானம்தான். தெர்மாகோல் இருப்பதால் மட்டும் அது சோதனையில் தேறிவிட்டது என்றாகாது. மாடுலரில் இன்னும் குழப்பம். மூடி நிற்கும்போது அது அசல் ஃபுல் ஃபேஸ் போலவே இருக்கும். அடி விழும் நொடியில் பூட்டு தாக்குப்பிடிக்குமா என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று விழுகிறதா என்று கேட்கலாம், மூடிய பின் கையால் மேலே இழுத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். பிரிட்டன் அரசின் ஷார்ப் என்ற மதிப்பீட்டுத் திட்டம் இந்த ஒன்றைத் தனியாகவே வெளியிடுகிறது: மாடுலர் ஹெல்மெட்டை மோதவிட்டபோது எத்தனை சதவீத முறை தாடை பூட்டிய நிலையிலேயே இருந்தது என்று.

ஐரோப்பாவில் விற்கும் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையில் ஒரு சிறு துணிச்சீட்டு தைத்திருப்பார்கள். அதில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் E என்ற எழுத்து, பக்கத்தில் ஓர் எண். அந்த எண் ஹெல்மெட் எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. அதற்கு அங்கீகாரம் கொடுத்த நாட்டைச் சொல்கிறது. 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி. சீனாவில் செய்த ஹெல்மெட்டிலும் E3 இருக்கலாம். வட்டத்துக்குக் கீழே உள்ள வரிதான் நமக்கு முக்கியம். உதாரணத்துக்கு இப்படி ஒன்று:

```
060123/P/J-4567
```

முதல் இரண்டு இலக்கங்கள் எந்தத் திருத்தத்தின்படி சோதித்தார்கள் என்பதைக் காட்டும். 05 என்றால் பழைய விதி. 06 என்றால் 2021-இல் நடைமுறைக்கு வந்த புதிய விதி. சாய்ந்த பரப்பில் மோதவிட்டு, தலை சுழலும் வேகத்தையும் அது அளக்கிறது. அடுத்து வருவது அங்கீகார எண், கடைசியில் இருப்பது தயாரிப்பு வரிசை எண். நடுவில் உள்ள எழுத்துதான் தாடையின் கதை. J என்றால் தாடைக்காப்பு இல்லை. P என்றால் தாடைக்காப்பு உண்டு, அது மோதல் சோதனையில் தேறியிருக்கிறது. NP என்றால் தாடையை மூடும் பகுதி இருக்கிறது, ஆனால் அது காப்பு அல்ல. மேலே சொன்ன அலங்காரப் பிளாஸ்டிக் இதில்தான் வரும். மாடுலரில் P/J என்று இரண்டும் இருந்தால், மூடியபடி ஓட்டினால் தாடைக்குக் காப்பு உண்டு, தூக்கிவிட்டு ஓட்டவும் அனுமதி உண்டு. வெறும் P மட்டுமே இருந்தால், ஓடும்போது மூடியேதான் இருக்க வேண்டும். சிக்னலில் தாடையைத் தூக்கி, அப்படியே அடுத்த சிக்னல்வரை போகிறவர் அந்த அங்கீகாரத்துக்கு வெளியே போய்விடுகிறார்.

இனி நம்மூர் முத்திரை. ஐஎஸ்ஐ சின்னத்தின் தலைப்பில் IS 4151 என்று இருக்க வேண்டும். அதுதான் இருசக்கர வாகன ஓட்டிகளுக்கான தர எண். சின்னத்தின் அடியில் CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பலர் சின்னத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைந்து விடுகிறார்கள். மேலே உள்ள எண்ணைப் படிப்பதில்லை. கட்டடத் தொழிலாளர்கள் அணியும் மஞ்சள் தொப்பியிலும் அசல் ஐஎஸ்ஐ முத்திரை உண்டு. ஆனால் அதன் மேல் இருப்பது IS 2925, தொழிற்சாலைப் பாதுகாப்புத் தொப்பிக்கான தரம். மேலிருந்து விழும் செங்கல்லுக்காகச் செய்தது அது. சாலையில் உருளும் தலைக்காகச் செய்தது அல்ல. அதை மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவரை எந்த ஊரிலும் பார்க்கலாம். முத்திரை பொய்யில்லை, இடம்தான் தப்பு.

உரிம எண்ணையும் சும்மா விடக்கூடாது. BIS Care செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், எந்த நிறுவனத்துக்கு, எந்தத் தரத்துக்கு அந்த உரிமம், இன்னும் செல்லுபடியாகிறதா என்று காட்டும். ஹெல்மெட்டின் மேல் உள்ள பெயரும் திரையில் வரும் பெயரும் பொருந்தாவிட்டால் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இது வெறும் சம்பிரதாயமல்ல. டெல்லியில் நடந்த சோதனையில் 2,500-க்கும் மேற்பட்ட ஹெல்மெட்டுகளைப் பறிமுதல் செய்ததாக மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. அவற்றைச் செய்த ஒன்பது நிறுவனங்களின் உரிமம் காலாவதியாகியிருந்தது அல்லது ரத்தாகியிருந்தது. ஒரு காலத்தில் முறையாக உரிமம் வாங்கியவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்கள் அச்சடித்த எண்ணைக் கண்ணால் மட்டும் பார்த்து யார் சந்தேகப்படுவார்கள்?

இவ்வளவையும் ஒருவர் பொறுமையாகச் செய்து முடித்தாலும் தாடையைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது. ஓப்பன் ஃபேஸ், ஃபுல் ஃபேஸ், மாடுலர் மூன்றிலும் ஒரே சின்னம், ஒரே IS 4151. அந்த இடைவெளியில்தான் வேறு ஸ்டிக்கர்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பின்புறம் ‘டாட்’ என்று ஒட்டியிருப்பதைக் காட்டி, வெளிநாட்டுத் தரம் சார் என்பார் கடைக்காரர். அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தரம். அதில் அரசு முன்கூட்டி அங்கீகாரம் கொடுப்பதில்லை. தேறிவிட்டது என்று தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்கிறார், அரசு பிறகு கடையிலிருந்து வாங்கிச் சோதிக்கிறது. தாடைப் பகுதிக்கு அந்தத் தரத்தில் மோதல் சோதனையும் இல்லை. நம்மூரில் ஐஎஸ்ஐக்குப் பதிலாக அது சட்டப்படி செல்லவும் செல்லாது.

ஐஎஸ்ஐ முத்திரையிலும் J, P, NP என்ற எழுத்து வேண்டும் என்ற நம் கோரிக்கைக்கு இரண்டு எதிர்வாதங்கள் வரும். ஒன்று, சிறு தயாரிப்பாளர்களுக்குச் செலவு. உரிமம் பெற ஹெல்மெட்டை ஏற்கெனவே சோதனைக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும்; முத்திரையில் ஓர் எழுத்தைச் சேர்க்க ஆகும் அச்சுக்கூலி பேசத் தக்கதல்ல. தாடைக்காப்பு உண்டு என்று சொல்லிக்கொள்ள விரும்புகிறவர் அந்தச் சோதனைக்கான செலவை ஏற்பதில் அநியாயம் இல்லை. விரும்பாதவர் J என்றோ NP என்றோ போட்டுவிட்டு நிம்மதியாக விற்கலாம். இரண்டாவது வாதம் கொஞ்சம் கனமானது: போலிச் சரக்கே தெருவோரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுத்தைப் போட்டால் அதையும் போலியாக அச்சடிப்பார்களே? அச்சடிப்பார்கள். அதனால்தான் எழுத்து ஸ்டிக்கரில் மட்டும் இருந்தால் போதாது. உரிம எண்ணைத் தட்டும்போது எந்த மாடல், எந்த வகை, தாடைக்காப்பு சோதனையில் தேறியதா என்பதும் செயலியில் வர வேண்டும். அச்சடித்த எழுத்தும் திரையில் வரும் எழுத்தும் மாறுபட்டால், வாங்குபவரே அங்கேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஓப்பன் ஃபேஸைத் தடைசெய்யச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் மதுரையில் வண்டி ஓட்டுகிறவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. NP வகையையும் விற்கட்டும். ஆனால் ஐரோப்பிய விதி கேட்பதுபோல, தாடையை இது காக்காது என்று அதன் மேல் எழுதிவிட்டு விற்கட்டும்.

இதை இப்போதே செய்யக் காரணம் இருக்கிறது. புது வண்டியோடு இரண்டு ஹெல்மெட் கொடுத்தாக வேண்டும் என்ற வரைவு விதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 ஜூனில் வெளியிட்டது. வண்டியோடு வரும் ஹெல்மெட்டை வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. விலை குறைந்ததாகப் பார்த்து விற்பவர் தேர்ந்தெடுப்பார். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் போதும், கணக்குச் சரியாகிவிடும். அந்த விதி நடைமுறைக்கு வருவதற்கு முன்பே முத்திரையில் எழுத்து வந்திருந்தால், ஷோரூமில் சாவியை வாங்கும் கையே ஹெல்மெட்டையும் புரட்டிப் பார்த்து, “இதில் J என்றுதானே இருக்கிறது, கூடுதல் பணம் தருகிறேன், P கொடுங்கள்” என்று கேட்க முடியும்.