99 விழுக்காடும் ஒரு தக்காளி இலையும்

இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் வார இறுதி ஹேக்கத்தான்களில் சலிக்காமல் திரும்பி வரும் யோசனை ஒன்று உண்டு. உழவர் நோயுற்ற இலையைப் படம் எடுப்பார். செயலி நோயின் பெயரையும் மருந்தையும் சொல்லும். நால்வர் குழு இரண்டே நாளில் செய்து காட்டிவிடலாம் என்பதே இதன் கவர்ச்சி. நிறைவு நாளில் திரையில் 99 விழுக்காடு துல்லியம் ஒளிரும், அரங்கம் கைதட்டும். அந்த எண்ணை ஒருவரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் இங்கே குற்றச்சாட்டு.

அந்த எண் பெரும்பாலும் ‘பிளாண்ட்வில்லேஜ்’ என்னும் படத்தொகுப்பிலிருந்து வருகிறது. 54,000க்கும் மேற்பட்ட படங்கள், 14 பயிர்கள், 38 வகைகள். இலையைப் பறித்து, ஒரு தாளின் மீது தனியே வைத்து எடுத்த படங்கள் அவை. அப்பயிர்களில் புளூபெர்ரியும் ராஸ்பெர்ரியும் உண்டு. நெல் இல்லை, நிலக்கடலை இல்லை, பருத்தியும் இல்லை. இந்திய உழவருக்கான செயலி என்று மேடையேறும் ஒன்றுக்கு நெல்லைத் தெரியாது என்பதை எந்த விளக்கப் படமும் சொல்வதில்லை.

அதைவிடப் பெரிய கோளாறு படங்களின் பின்னணியில் இருக்கிறது. ஒரு ஆய்வாளர் 2022இல் இத்தொகுப்பின் ஒவ்வொரு படத்திலும் பின்னணியிலிருந்து 8 படப்புள்ளிகளை மட்டும் எடுத்து, அவற்றைக் கொண்டே நோயைக் கணிக்கும்படி ஒரு மாதிரியைப் பயிற்றினார். இலையையே பாராத அந்த மாதிரி 49 விழுக்காடு சரியாகச் சொன்னது. 38 வகைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 3 விழுக்காடுகூடத் தேறாது. அதாவது, தாளின் நிறமும் ஒளியும் வகைக்கு வகை மாறியிருக்கின்றன. கணினி அவற்றிலிருந்தே பாதி விடையைப் படித்துக்கொள்கிறது. இத்தொகுப்பில் 99 விழுக்காட்டைத் தாண்டிக் காட்டிய 2016ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையே, வேறு சூழலில் எடுத்த படங்களில் துல்லியம் ஏறத்தாழ 31 விழுக்காட்டுக்குச் சரிந்ததை ஒளிக்காமல் எழுதியிருந்தது. மாணவர்கள் முதல் எண்ணை எடுத்துக்கொண்டார்கள், இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

வயலில் இதன் விலை என்ன? தக்காளியில் இலைச்சுருட்டு நோய் வைரஸால் வருவது. வெள்ளை ஈயால் பரவுவது. செயலி அதைப் பூஞ்சை நோய் என்று சொன்னால் உழவர் பூஞ்சைக்கொல்லியைத் தெளிப்பார். மருந்துக்காசு போகும், நோய் நிற்கும், வெள்ளை ஈ அடுத்த செடிக்குப் பறக்கும். துளசியையோ செருப்பையோ படம் எடுத்துக் காட்டினாலும், வழக்கமான மாதிரி தனக்குத் தெரிந்த 38 பெயர்களில் ஒன்றைச் சொல்லியே தீரும். ‘தெரியவில்லை’ என்னும் விடை அதற்குக் கற்றுத்தரப்படவே இல்லை.

அப்படியானால் இந்த யோசனையைக் கைவிட வேண்டுமா? வேண்டாம், இரண்டு நாளின் வேலையை மாற்றிப் பங்கிட்டால் போதும். பயிரைத் தக்காளி ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒருவர் முதல் நாள் நண்பகலுக்குள், ஏற்கெனவே பயின்ற மாதிரியொன்றைத் தக்காளிப் படங்களுக்குப் பழக்கிவிடுவார். இரண்டாமவர் அந்த 8 புள்ளிச் சோதனையைத் தம் தரவிலேயே செய்து, பின்னணியிலிருந்து எவ்வளவு விடை கசிகிறது என்று அளப்பார். மூன்றாமவர், காந்திநகர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பிளாண்ட்டாக்’ தொகுப்பின் இயற்கைச் சூழல் படங்களில் மாதிரியைச் சோதித்து, எந்த நோயை எந்த நோயாக மயங்குகிறது என்று அட்டவணையிடுவார். நான்காமவர் நெல், துளசி, வெறும் மண் எனத் தொடர்பில்லாத படங்களைக் கொடுத்து, எந்த உறுதி அளவுக்குக் கீழே செயலி வாய்மூட வேண்டும் என்று எல்லை வகுப்பார். அந்த எல்லையும் முழுக் காவல் ஆகாது. அறியாத படத்துக்கும் மாதிரி சிலபோது மிகுந்த உறுதியோடு பெயர் சூட்டும். எத்தனை முறை அப்படி நேர்ந்தது என்பதையும் எண்ணித் திரையில் காட்ட வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை மேடையேறுவது அழகு குறைந்த செயலியாக இருக்கலாம். இயற்கைச் சூழல் படங்களில் அதன் துல்லியம் பாதிக்கும் கீழே இருக்கலாம். ஆனால் அந்த எண் உண்மையானது. எங்கே தவறுகிறது என்பது அட்டவணையில் இருக்கிறது. அடுத்த குழு அங்கிருந்து தொடங்கலாம்.

நடுவர்கள் பெரிய எண்ணையே விரும்புகிறார்கள் என்பது மாணவர் தரப்பின் மறுப்பு. அது நடுவர்கள் மீதான குற்றச்சாட்டே தவிர, இந்த முறைக்கு மறுப்பாகாது. நடுவர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: ‘இந்தத் துல்லியம் யாருடைய படங்களில்?’ அதற்கு விடை சொல்ல முடியாத குழுவுக்குப் பரிசு கொடுக்கும்வரை, அடுத்த ஆண்டும் அதே இலை, அதே தாள், அதே 99 விழுக்காடு மேடையேறும்.