அம்பாளும் ஆண்டாளும் ஒரே பெயரா? பொருளுக்குப் பெயர் வைக்கும் முன் செய்ய வேண்டிய தேடல்

தீபாவளி நெருங்கும்போது ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் புதுப்புது பொட்டலங்கள் வந்து சேரும். வீட்டில் அரைத்த மசாலாத்தூள், முறுக்கு, ஊறுகாய் என்று பலவும் இருக்கும். விற்பவர்களில் பலர் கல்லூரியை முடித்த கையோடு தொழிலில் இறங்கிய இளைஞர்கள். பெயர் உங்களுடையதுதானா என்று கேட்டால், நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிந்துவிட்டோம் என்று சொல்வார்கள். அது தொழிலைப் பதிவு செய்ததற்கான சான்று மட்டுமே. பொட்டலத்தின் மேல் உள்ள பெயருக்கு உரிமை தருவது வணிகச் சின்னப் பதிவு. அதைக் கவனிப்பது மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம்.

இன்னும் சிலர் ஒரு படி மேலே போய் மைஐபிஓவின் இணையத் தேடலில் தங்கள் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். அதே எழுத்தில் எதுவும் வரவில்லை என்றால் நிம்மதி. அந்த நிம்மதி எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, சென்னையில் தொடங்கிய ஒரு பழைய மூக்குப்பொடி வழக்கு நன்றாகக் காட்டும்.

சென்னையில் ஸ்ரீ அம்பாள் கம்பெனி மூக்குப்பொடி விற்றுவந்தது. 'ஸ்ரீ அம்பாள்' என்ற பெயரும் அம்பாள் படமும் அதன் பதிவு பெற்ற சின்னங்கள். 1958-இல் இன்னொரு மூக்குப்பொடி வியாபாரி 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரையும் ஆண்டாள் படத்தையும் பதிய விண்ணப்பித்தார். அம்பாள் கம்பெனி எதிர்த்தது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை போய் 1969-இல்தான் முடிந்தது.

நமக்கு இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். அம்பாள் சிவனின் துணைவி. ஆண்டாளோ அரங்கனை மணந்தவள். படங்களும் வேறு வேறு. தமிழில் எழுதினால் முதல் எழுத்தே குறில், நெடில் என்று பிரிந்துவிடுகிறது. ஆனாலும் நீதிமன்றம் ஆண்டாளுக்குப் பதிவு தர மறுத்துவிட்டது. ஒரு பெயரைக் கண்ணால் மட்டுமல்ல, காதாலும் ஒப்பிட வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. கடையில் பொடி வாங்குபவர் பெயரை வாயால் சொல்லிக் கேட்கிறார். ஒலியில் இரண்டும் மிக நெருக்கமானவை. பொருள் வேறாயிற்றே என்ற வாதத்துக்கும் பதில் இருந்தது. அந்த வேறுபாடு தென்னிந்திய இந்துக்களுக்குத் தெரிந்திருக்கலாம். பொடி வாங்குபவர்களில் முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், வடநாட்டவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் எல்லாரும் உண்டு. அவர்களுக்கு அது வெறும் ஓசைதான். என் தாயின் பெயர் ஆண்டாளம்மாள், அதனால் வைத்தேன் என்று விண்ணப்பதாரர் சொன்னதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆண்டாளம்மாள் வேறு, ஸ்ரீ ஆண்டாள் வேறு என்றது.

இந்த வழக்கைப் பினாங்குக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். இங்கே வாடிக்கையாளர் நான்கு மொழிக்காரர். விண்ணப்பம் ரோமன் எழுத்தில் போகிறது. அதில் குறில் நெடில் காணாமல் போய் `AMBAL`, `ANDAL` என்று நிற்கும். மலாய்க்காரர் காதில் ஆண்டாள் விழுந்தால், திறமையான என்று பொருள்படும் 'ஹண்டால்' நினைவுக்கு வரலாம். தமிழருக்குத் தெளிவாகத் தெரியும் வேறுபாடு மற்ற மூன்று பேருக்கும் தெரியாது. எழுத்தைப் பொருத்திப் பார்க்கும் தேடலில் `ANDAL` என்று அடித்தால் `AMBAL` வராது என்பதையும் கவனியுங்கள். ஆபத்தான பெயர் திரையில் தோன்றாமலே இருந்துவிடும்.

அப்படியானால் எப்படித் தேடுவது? கற்பனையாக ஒரு மசாலாத்தூளுக்கு 'மயூரா' என்று பெயர் வைக்க விரும்புவதாகக் கொள்வோம். முதலில் `MAYURA`. பிறகு ஒரே ஓசையைப் பலர் எழுதும் விதங்கள்: `MAYOORA`, `MAYURAA`, `MAIURA`. அதற்கடுத்து முழுச் சொல்லை விட்டுவிட்டுத் துண்டுகளாக, `MAYU` என்று தொடங்குபவை, `YURA` என்று முடிபவை. வரும் பட்டியலை உரக்கப் படிக்க வேண்டும். தமிழ் தெரியாத நண்பர் ஒருவரைப் படிக்கச் சொல்வது இன்னும் நல்லது. அவர் வாயில் எது எதுவாகிறது என்பதுதான் கேள்வி.

அதோடு முடியவில்லை, பொருளையும் தேட வேண்டும். மயூரா என்றால் மயில். ஆகவே `MAYIL`, மலாயில் `MERAK`, ஆங்கிலத்தில் `PEACOCK`, சீனத்தில் `KONG QUE` எல்லாம் பார்க்க வேண்டியவை. பொட்டலத்தில் மயில் படம் போடுவதாக இருந்தால் மயில் படம் உள்ள சின்னங்களும் பட்டியலில் சேரும். இது மிகையான எச்சரிக்கை என்று நினைக்க வேண்டாம். அம்பாள் வழக்கு முடிந்த அதே 1969-இல், அமெரிக்க வணிகச் சின்னத் தீர்ப்பாயத்தில் 'ரெட் புல்' என்ற விஸ்கிப் பெயரும் 'தோரோ ரோஹோ' என்ற ரம் பெயரும் மோதின. ஓசையில் ஒற்றுமையே இல்லை. ஆனால் தோரோ ரோஹோ என்பது ஸ்பானிய மொழியில் சிவப்புக் காளை. குழப்பம் வரும் என்றே தீர்ப்பானது. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் கலந்து பேசும் நம் ஊரில் மொழிபெயர்ப்பு மோதல் இன்னும் எளிதாக நடக்கும்.

எந்தப் பொருளுக்குத் தேடுகிறோம் என்பதும் முக்கியம். சின்னங்கள் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மசாலாத்தூள் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29, உணவகம் 43. பலர் தங்கள் வகுப்பை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடுகிறார்கள். மசாலா விற்பவர் நாளைக்கு உணவகம் திறப்பார் என்று வாங்குபவர் எளிதில் நம்புவார் என்பதால், பக்கத்து வகுப்புகளையும் புரட்டுவது நல்லது.

எல்லா ஒற்றுமையும் தடை ஆகிவிடாது. நம் நாட்டின் மெக்கறி வழக்கு அதற்குச் சாட்சி. கோலாலம்பூரில் மெக்கறி என்ற பெயரில் நடந்த இந்திய உணவகத்தின் மீது மெக்டொனால்ட்ஸ் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர் நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது. 'மெக்' என்ற முன்னொட்டு ஒன்றுதான் பொது. பலகையின் தோற்றம், கோழிப் படம், உணவு வகை, வாடிக்கையாளர் எல்லாமே வேறு. முழுப் பெயரையும் அது விற்கப்படும் சூழலையும் சேர்த்துப் பார்த்தபோது குழப்பத்துக்கு இடமில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. வென்றது சிறிய கடைதான். ஆனால் நீதிமன்றப் படிகளில் கழிந்த ஆண்டுகளை எந்தப் புதிய தொழிலும் விரும்பி வாங்காது.

அந்த வழக்கு பதிவுச் சின்னத்தை மீறியதாகத் தொடுக்கப்பட்டதல்ல. ஒருவர் சம்பாதித்த நற்பெயரைத் தனதாகக் காட்டி விற்பதாக எழுந்த வழக்கு. இதிலிருந்து தேடலின் எல்லை புரியும். பதிவே செய்யாமல் பல ஆண்டுகளாக ஒரே பெயரில் மாவரைத்து விற்கும் பழைய கடைக்கும் அந்தப் பெயரில் உரிமை இருக்கலாம். அது எந்தத் தரவுத்தளத்திலும் இராது. பட்டர்வொர்த், பிறை, சுங்கை பட்டாணி கடைகளின் அலமாரிகளையும் சமூக ஊடக விற்பனைப் பக்கங்களையும் நேரில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

2019-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் அந்த ஆண்டு டிசம்பர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஏற்கப்பட்ட விண்ணப்பம் அறிவுசார் சொத்துடைமை அதிகாரப்பூர்வ இதழில் வெளியான பின் 2 மாதங்களுக்குள் மற்றவர்கள் ஆட்சேபிக்கலாம். மூக்குப்பொடி வழக்கின் அம்பாள் போன்றவர்கள் வந்து நிற்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அதற்குள் ஆயிரக்கணக்கில் பொட்டலம் அச்சடித்துவிடாமல், முதல் தொகுதிக்கு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விற்கும் சிலரை இப்போதே பார்க்க முடிகிறது. ஆட்சேபக் காலம் கடந்த பிறகுதான் அவர்கள் அச்சகத்துக்குப் போகிறார்கள்.