வாடகைக் கணக்கு மட்டும் போதாது

'வாடகை குறைந்த ஊருக்கே வேலைக்குப் போ' என்று திருத்தணிப் பையன்களுக்குச் சொல்லப்படும் யோசனையை நான் ஏற்கவில்லை. அதில் வேலை போகும் நாளுக்குக் கணக்கே இல்லை.

சி.என்.சி. இயக்கும் ஒருவர் மாதம் 18,000 ரூபாய் வாங்குவதாக வைப்போம். ஒரே பெரிய ஆலை உள்ள ஊரில் வாடகையில் அவருக்கு மாதம் 3,000 மிச்சம். ஆலை ஆளைக் குறைத்து, மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால் 54,000 இழப்பு. ஒன்றரை ஆண்டுச் சேமிப்பு காலி. அம்பத்தூரில் அதே இயந்திரம் வைத்த பட்டறைகள் பல. அடுத்த தெருவிலேயே வேலை கேட்கலாம்.

தொழிற்பேட்டை என்றாலே பாதுகாப்பு என்பதும் தவறு. ஸ்ரீபெரும்புதூரில் 2014-இல் நோக்கியா ஆலை மூடியபோது, அதை நம்பியிருந்த ஃபாக்ஸ்கான் பிரிவும் நின்றது. ஒரே பொருளை நம்பிய ஆலைகள் சேர்ந்தே விழும்.

ஆகவே வாடகையைக் கேட்கும் முன், உங்கள் கைத்தொழிலுக்கு அந்த ஊரில் எத்தனை முதலாளிகள், அவர்கள் வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்குச் செய்கிறார்களா என்று கேளுங்கள். திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்ரயில் பாதையிலேயே அம்பத்தூர் இருக்கிறது. பகல் ஷிப்ட் கிடைத்தால் வீட்டிலிருந்தே போய்வரலாம். இரவு ஷிப்ட் என்றால் அங்கேயே அறை எடுங்கள்.