‘இன்றே கடைசி’ என்று எழுதினால் ஏ.சி. சர்வீஸுக்கு ஆள் வருமா?

சேவைத் தொழில் செய்பவர்கள் தங்கள் விளம்பரப் பதிவை எப்படி முடிக்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை பாடம் நடத்தியது. வாடிக்கையாளர் சோம்பேறி, பணிவாகக் கேட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று நகர்ந்துவிடுவார், எனவே அவசரத்தையும் பயத்தையும் காட்டித் தள்ளினால்தான் புக்கிங் வரும் என்பது அதன் வாதம். மென்மையாக எழுதுவது தொழில் தெரியாதவர்களின் கூச்சமாம். சான்றாக, ஹைதராபாத் தார்நாகாவில் ஏ.சி. சர்வீஸ் செய்யும் ஒருவருக்குத் தாம் எழுதிக் கொடுத்த பதிவைக் கட்டுரையாளர் பெருமையோடு காட்டியிருந்தார். அவர் வாதத்தைக் கவிழ்க்க வேறு ஆள் தேவையில்லை, அந்தப் பதிவே போதும்.

‘வெயில் கொளுத்துது! உங்க ஏ.சி. ரெடியா? இன்றே கடைசி நாள்! 3 இடங்கள் மட்டுமே! உடனே அழையுங்கள்! தவறவிட்டால் வருந்துவீர்கள்!’

ஆறு வாக்கியங்களில் ஐந்து ஆச்சரியக்குறிகள். செய்தி என்று ஒன்றுகூட இல்லை. தெற்கு லாலாகுடாவில் ஒரு ரயில்வே குடும்பம் ஏப்ரல் மாதத்தில் இதைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். ஏ.சி.யில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. சர்வீஸ் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே தெரியும், அவரை யாரும் தள்ள வேண்டியதில்லை. அவருக்குத் தெரியாதவை வேறு. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு? வந்து பார்த்துவிட்டு ‘கேஸ் இல்லை’ என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுவார்களா? லாலாகுடா வரை வருவார்களா? ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா? அழைத்துத்தான் பேச வேண்டுமா, மெசேஜ் போதுமா? இந்த ஐந்தில் ஒன்றுக்குக்கூட அந்தப் பதிவில் விடை கிடையாது. அழைக்காமல் போகிறவரைச் சோம்பேறி என்கிறார் கட்டுரையாளர். எழுதியவர் தம் வேலையைச் செய்யாமல் விட்டதற்குப் படித்தவர் தலையில் பழி.

பயம்தான் ஆளை நகர்த்தும் என்பதை அவர் ஏதோ அறிவியல் விதி போலச் சொல்கிறார். அறிவியல் சொன்னது வேறு. 1965இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவந்தாலும் அவருடைய சகாக்களும் மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ள வைக்க முயன்றார்கள். சிலருக்குக் குலைநடுங்க வைக்கும் கையேடு, சிலருக்கு மிதமான கையேடு. அதிகம் பயந்தவர்கள் ‘ஊசி முக்கியம்தான்’ என்று அதிகமாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் போய்ப் போட்டுக்கொண்டவர்களின் எண்ணிக்கையைப் பயத்தின் அளவு மாற்றவில்லை. மாற்றியது ஒரு வரைபடம். சுகாதார மையம் இருக்கும் கட்டடத்தை அதில் குறித்துக் கொடுத்து, உங்கள் வார வேலைகளுக்கு நடுவே எப்போது போவீர்கள் என்று யோசித்துப் பார்க்கச் சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களில் சுமார் 28 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள், சொல்லப்படாதவர்களில் 3 சதவீதம். அந்த மாணவர்கள் படிப்பின் இறுதியாண்டில் இருந்தவர்கள், மையம் எங்கே என்று பெரும்பாலோருக்கு முன்பே தெரிந்திருக்கும். இருந்தும் இடமும் நேரமும் கண்முன் வந்ததும் கால் நகர்ந்தது.

கட்டுரையாளருக்குச் சாதகமான ஒன்றும் அதே ஆய்வில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. எந்தக் கையேடும் தராமல் வழி மட்டும் காட்டப்பட்டவர்களிடம் பலன் கிடைக்கவில்லை. ஆக, காரணம் ஒன்று வேண்டும். ஆனால் ஏப்ரல் மாத ஹைதராபாத்தில் அந்தக் காரணத்தைச் சூரியனே தந்துவிடுகிறது. ‘காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லையா?’ என்று முதல் வரியில் நினைவூட்டினால் போதும். மிச்ச இடமெல்லாம் வழியைச் சொல்வதற்கு.

சரி, வழியைச் சொல்லும் பதிவு எப்படி இருக்கும்? விலையை உதாரணத்துக்காக வைத்து, அதே ஏ.சி.காரருக்கு நான் எழுதிக் காட்டுகிறேன்.

‘ஏ.சி.யில் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லையா? ஸ்பிளிட் ஏ.சி. வாட்டர் சர்வீஸ், யூனிட்டுக்கு ₹600. கேஸ் நிரப்ப வேண்டியிருந்தால் அது தனி. எவ்வளவு ஆகும் என்று சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகே செய்வோம். தார்நாகா, லாலாகுடா, மெட்டுகுடா, ஹப்சிகுடா பகுதிகளுக்கு வருகிறோம். இந்த வாரம் வியாழன் மாலையும் சனி காலையும் நேரம் இருக்கிறது. உங்களுக்கு வசதியான நாள், தெரு எண், எத்தனை ஏ.சி. ஆகிய மூன்றையும் இந்த எண்ணுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். வரும் நேரத்தை, நீங்கள் அனுப்பிய அன்றிரவு 8 மணிக்குள் சொல்லிவிடுவோம். வேண்டாம் என்றால் முந்தைய நாள் மாலை வரை சொல்லலாம், கட்டணம் கிடையாது.’

இதில் கூச்சம் எங்கே இருக்கிறது? ‘அனுப்புங்கள்’ என்பது நேரான ஏவல். ‘விருப்பம் இருந்தால், நேரம் கிடைத்தால், தொடர்பு கொள்ளலாம்’ என்று இழுக்கவில்லை. கட்டுரையாளர் மென்மையையும் மழுப்பலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் அவர் கட்டுரையின் அடிப்படைக் கோளாறு. மழுப்பல் கெடுதல் என்பதில் எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. மழுப்பலுக்கு மருந்து தெளிவு. அவர் தருவதோ சத்தம்.

அந்தக் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. அழையுங்கள், லைக் போடுங்கள், பகிருங்கள், நேரில் வாருங்கள் என்று நான்கு திசையில் இழுக்கவில்லை. என்ன எழுதி அனுப்புவது என்ற யோசனையையும் அவருக்கு மிச்சம் வைக்கவில்லை. அனுப்பிய பிறகு என்ன நடக்கும், எத்தனை மணிக்குள் நடக்கும் என்பதும் இருக்கிறது. முடிவில், பின்வாங்கும் வழி திறந்தே கிடக்கிறது.

அந்தத் திறந்த வழியைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் பதறுவார். வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்தால் எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்பது அவர் கவலை. ஆனால் மனிதன் தன் சுதந்திரத்தை யாரோ பறிக்கிறார்கள் என்று உணர்ந்தால் முறுக்கிக்கொள்வான் என்பதை உளவியலாளர் ஜாக் பிரேம் 1966லேயே ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார். 2000ஆம் ஆண்டு பிரான்சில் நிக்கோலா கெகாங், அலெக்சாந்தர் பாஸ்கால் இருவரும் வெளியிட்ட சிறிய ஆய்வில், முன்பின் தெரியாதவர்களிடம் பஸ் கட்டணத்துக்குக் காசு கேட்டார்கள். வெறுமனே கேட்டபோது 10 சதவீதம் பேர் கொடுத்தார்கள். ‘கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம்’ என்று சேர்த்துக் கேட்டபோது 47.5 சதவீதம் பேர். அது முகத்துக்கு நேரே கேட்டது, எழுத்தில் அதே அளவு பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இஷ்டத்தை அவரிடமே விட்டால் ஆள் ஓடிவிடுவார் என்ற பயத்துக்கு அந்த ஆய்வு இடம் தரவில்லை.

அடுத்தது அந்த ‘3 இடங்கள் மட்டுமே’. உண்மையிலேயே மூன்று நேரங்கள்தான் மீதி என்றால் தாராளமாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கோடையில் ஒரு மெக்கானிக்கும் ஒரு உதவியாளரும் ஒரு நாளில் போகக்கூடிய வீடுகளுக்கு எல்லை உண்டு. ஆனால் உண்மையான தட்டுப்பாட்டுக்குக் கிழமை இருக்கும், நிரம்பியதும் பதிவிலிருந்து அது நீங்கும். பத்து நாள் கழித்தும் ‘இன்றே கடைசி’ என்று நிற்கும் பதிவு புலி வருது கதைதான். தார்நாகா பக்கத்து அபார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குழுவில் அதை ஒருவர் எடுத்துப் போட்டால் போதும், அந்தக் கட்டடம் முழுக்கப் பெயர் கெட்டுவிடும்.

பெயர் கெடுவதோடும் இது முடிவதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று இணையவழி ஏமாற்று உத்திகளைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் பட்டியலிட்ட 13 உத்திகளில் முதலாவதே பொய்யான அவசரம். மறுப்பவரை வெட்கப்படுத்துவதும் பட்டியலில் உண்டு. விமான டிக்கெட் எடுக்கும்போது காப்பீடு வேண்டாம் என்பவருக்கு ‘நான் பாதுகாப்பில்லாமலேயே இருக்கிறேன்’ என்ற வாசகத்தைக் காட்டுவது அதற்குத் தரப்பட்ட உதாரணம். ‘தவறவிட்டால் வருந்துவீர்கள்’ என்பது அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. இந்த நெறிகள் பெரிய தளங்களை மட்டும் குறிப்பவை அல்ல, விளம்பரதாரரையும் விற்பவரையும் சேர்த்தே பேசுகின்றன. கட்டுரையாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார், பதில் சொல்லப்போவது ஏ.சி.காரர்.

‘ஆனால் அழைப்புகள் கூடினவே’ என்பது அவருடைய கடைசி ஆயுதம். கூடியிருக்கலாம். விலை எழுதாத பதிவுக்கு விலை கேட்டு அழைப்பு வரத்தானே செய்யும்! ஏணியில் நின்று அவுட்டோர் யூனிட்டைக் கழுவிக்கொண்டிருப்பவர் ஈரக்கையோடு போனை எடுத்து ‘அறுநூறு ரூபாய் சார்’ என்று சொல்லிவிட்டு வைப்பதற்குப் பெயர் வியாபாரமா? எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு நேரம் உறுதியானது, எத்தனை வீட்டில் வேலை முடிந்தது என்று ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டால் உண்மை தெரிந்துவிடும். பதிவின் ஓட்டை எங்கே என்பதையும் அந்த நோட்டு காட்டும். எல்லாரும் விலையே கேட்டால் விலை பதிவில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. குக்கட்பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் பகுதிப் பெயர்கள் விட்டுப்போயின. நேரம் உறுதியாகியும் போன வீட்டில் பூட்டுத் தொங்கினால் முந்தைய இரவு நினைவூட்டவில்லை. யாருமே கேட்கவில்லை என்றால் முதல் வரியைத் திருத்த வேண்டும். இத்தனைக்கும் கட்டுரையாளர் வைத்திருக்கும் ஒரே மருந்து இன்னொரு ஆச்சரியக்குறி.

கடைசி வரி படித்தவரின் விரலுக்கு எட்ட வேண்டும் என்பதையும் அவர் யோசிக்கவில்லை. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பு சொடுக்கினால் திறக்காது. அங்கே ‘கீழே உள்ள லிங்க்கை அழுத்துங்கள்’ என்று அதட்டுவது பூட்டிய கடையைக் காட்டி உள்ளே வா என்பதைப் போன்றது. இணைப்பை முகப்பில் வைத்து, ‘முகப்பில் உள்ள இணைப்பு’ என்று எழுத வேண்டும். இணைப்பு வேலை செய்யும் இடங்களில் வாட்ஸ்ஆப்புக்கு இப்படி ஒரு வரி போதும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=AC%20service%0ADay:%0AStreet%20No:%0AHow%20many%20AC:
```

எண்ணுக்கு முன் 91 வேண்டும், கூட்டல் குறியோ முதலில் பூஜ்யமோ நடுவில் கோடோ கூடாது. தொட்டதும் அரட்டை திறந்து, நாள், தெரு எண், எத்தனை ஏ.சி. என்ற கேள்விகள் ஏற்கெனவே எழுதப்பட்டு நிற்கும். அவர் நிரப்பி அனுப்ப வேண்டியதுதான். வெளியிடும் முன் வேறொரு போனிலிருந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அவசரம் எங்குமே ஆகாது என்று நான் வாதிடவில்லை. ஏ.சி. பிளக்கில் கருகல் வாடை வந்தால் ‘உடனே மெயின் ஸ்விட்சை அணையுங்கள்’ என்று உரக்கவே சொல்ல வேண்டும். அங்கே ஆபத்து நிஜம், ஆதாயமும் கேட்பவருக்கு. வருடாந்தர சர்வீஸுக்கு அதே குரலை எடுப்பவர் எதற்கு எந்தக் குரல் என்று தெரியாதவர். கட்டுரையாளர் தம் வாதத்தில் உறுதியாக இருந்தால், அந்தத் தார்நாகா ஏ.சி.காரரிடம் அழைப்புக் கணக்கைக் கேட்டதோடு நிற்காமல், எத்தனை வீட்டில் வேலை முடிந்தது என்ற கணக்கையும் வாங்கி வெளியிடட்டும்.