முப்பது நாளும் ஒரு தவணைக் கணக்கும்

வரி வாரியத்திடம் தவணை கேட்டு நம்மவர் எழுதும் கடிதங்கள் பலவும் ஒரே மாதிரி இருக்கின்றன. தோட்டத்தில் பிறந்தவர், அப்பா பால்மரம் சீவியவர், அம்மாவுக்கு நோய், தொழில் மந்தம், கருணை காட்டுங்கள். எல்லாமே உண்மைதான். ஆனால் அதிகாரி தீர்மானிக்க வேண்டியது மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை. அந்த எண்ணைத்தான் கடிதத்தில் காணோம்.

கூடுதல் மதிப்பீட்டு நோட்டீஸ் கையில் சேர்ந்த 30 நாளுக்குள் வரியைக் கட்ட வேண்டும். தவறினால் கட்டாத தொகையில் 10 விழுக்காடு ஏறும். மேல்முறையீடு செய்திருந்தாலும் இந்தக் கெடு நிற்பதில்லை. தவணைக்கு விண்ணப்பித்தாலும் நிற்பதில்லை. ஒப்புதல் கிடைத்தால்தான் தவணை உண்டு. தவணை அனுமதிக்கும் அதிகாரத்தை 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 103ஆம் பிரிவு தலைமை இயக்குநருக்குத் தருகிறது. அது அவருடைய விருப்புரிமை, நம் வாடிக்கையாளரின் உரிமை அல்ல.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே லாரி வைத்து ஓட்டுபவர் ஒருவர். வரியும் அபராதமும் சேர்ந்து 31,200 ரிங்கிட்டுக்கு நோட்டீஸ் வருகிறது. கெடு தவறினால் மேலும் 3,120 ரிங்கிட். மாத வரவு சராசரியாக 12,400. டீசல், கூலி, பழுதுபார்ப்புக்கு 6,650. லாரிக் கடனுக்கு 1,350. வீட்டுச் செலவும் அம்மாவின் சிகிச்சையும் 3,100. நடப்பாண்டு வரிக்காக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சி.பி.500 தவணை 600 கட்ட வேண்டும், அதற்கு மாதம் 300 ஒதுக்க வேண்டும். மிச்சம் 1,000.

மாதம் ஆயிரம் என்று மட்டும் எழுதினால் 32 மாதம் ஆகும். அவ்வளவு நீண்ட தவணையை அதிகாரி ஏற்கத் தயங்குவார். ஆனால் லாரிக் கடன் எட்டு மாதத்தில் தீர்கிறது. எனவே கெடுவுக்கு முன்பே 5,200 கட்டி, ரசீதை இணைத்து, மீதி 26,000க்கு இரண்டு கட்டத் திட்டம் தரலாம்: முதல் எட்டு மாதம் ஆயிரம், அடுத்த ஏழு மாதம் 2,300, கடைசி மாதம் 1,900. பதினாறு மாதத்தில் முடிந்துவிடும். கடன் தீரும் தேதியைக் காட்டும் வங்கிக் கடிதமும் உடன் இருந்தால், தொகை ஏன் பின்னால் உயர்கிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

இந்தக் கணக்கைச் சோதிக்கப்போவது வங்கி அறிக்கை. மாதாமாதம் ஒரே நபருக்கு 500 ரிங்கிட் போனால் அது என்ன என்ற கேள்வி வரும். பல வீடுகளில் அது கூட்டுப் பணம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்த பழக்கம் அது என்பதை வாடிக்கையாளருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அண்ணன் பெயரில் இன்னொரு லாரி ஓடினால் அதையும் மறைக்கக் கூடாது. சொத்துப் பட்டியல் வெறுமையாக இருந்தால் காரணத்தை எழுதுங்கள். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பத்துக்கு அடகு வைக்க நிலப்பட்டா ஏது? தோட்டம் கைமாறியபோது நஷ்டஈடு கிடைத்திருந்தால், அது எங்கே செலவானது என்பதையும் காட்டுங்கள். தோட்டப் பின்னணி கடிதத்தில் இடம்பெற வேண்டியது இங்கேதான்.

ஒப்புதல் கடிதம் வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். 10 விழுக்காட்டு உயர்வைப் பற்றி அதில் என்ன இருக்கிறது, முதல் தவணை எந்தத் தேதி? ஒரே ஒரு தவணை தவறினாலும் மீதித் தொகை முழுவதும் உடனே செலுத்த வேண்டியதாகிவிடும். பல திட்டங்கள் உடைவது சி.பி.500 கட்ட வேண்டிய மாதத்தில்தான். அதனால்தான் அந்த 300ஐ முதலிலேயே தனியாக வைத்தோம். இந்த ஆண்டு வருமானம் குறைந்திருந்தால் ஜூன் 30க்குள் சி.பி.502 கொடுத்து அந்தச் சுமையையும் குறைக்கலாம்.

கணக்குப் போட்டும் மிச்சம் எதுவும் இல்லையென்றால் தவணை கேட்காதீர்கள். மூன்றாம் மாதமே உடையப்போகும் திட்டத்தை எழுதிக்கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் தீங்கு. அவருக்கு உரியது 129ஆம் பிரிவு: வறுமையின் காரணமாக வரியையே தள்ளுபடி செய்யுமாறு தலைமை இயக்குநரிடம் கேட்பது. தவணையில் வரி குறைவதில்லை, காலம்தான் கிடைக்கிறது. இந்த வேறுபாட்டை அவருக்குப் புரியும்படி சொல்வது நம் கடமை.

ஈப்போ கிளைக்குப் போகும் அடுத்த கோப்பில் குடும்பக் கதைக்கு முன்னால் மாதக் கணக்கு இருக்கட்டும். வாடிக்கையாளர் உறையை நீட்டும்போது உங்கள் முதல் கேள்வி, நோட்டீஸ் என்று கைக்கு வந்தது என்பதாக இருக்கட்டும்.